மாத பில்லில் ஓடும் ஆபீஸ் சாப்பாடு: எவ்வளவு கடன் விடலாம், எப்படி வசூலிப்பது?

அரசலாறு (கும்பகோணம்)

வணக்கம். கும்பகோணத்தில் கேட்டரிங் செய்கிறேன். கல்யாணம், வளைகாப்பு, அறுபதாம் கல்யாணம் எல்லாம் அட்வான்ஸ் வாங்கித்தான் செய்வது, அதில் பிரச்சினை இல்லை. என் கேள்வி தினசரி ஆபீஸ் சாப்பாட்டைப் பற்றியது.

ஒரு தனியார் நிறுவனத்தின் கிளை ஆபீசுக்குத் தினமும் மதியம் 45 சாப்பாடு போகிறது. சாதம், சாம்பார், ரசம், ஒரு கூட்டு, ஒரு பொரியல், மோர், அப்பளம். சாப்பாடு 90 ரூபாய், ஜிஎஸ்டி 5 சதவீதம் தனி. மாதத்துக்கு 25 நாள். ஆக மாதம் 1,01,250 ரூபாய், வரியோடு 1,06,313.

மாதம் முடிந்ததும் அடுத்த மாதம் 5-ம் தேதி பில் கொடுப்பேன். "ஹெட் ஆபீஸ் சென்னை, 45 நாளில் வந்துவிடும்" என்பதுதான் பேச்சு. மே பில் ஜூன் 5 அன்று கொடுத்தது. இன்று ஜூலை 20. இன்னும் வரவில்லை. ஜூன் பில்லும் கொடுத்தாகிவிட்டது. ஆடி பிறந்துவிட்டது, அடுத்த முகூர்த்தம் ஆவணியில்தான். மளிகைக்காரர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

எத்தனை நாள் கடன் விடுவது முறை? தாமதத்துக்கு வட்டி போடலாமா? சாப்பாட்டை நிறுத்தினால் கஸ்டமர் போய்விடுவாரா?

டிகிரிகாபி (மயிலாடுதுறை)

அட்வான்ஸ் வாங்காமல் அடுப்பே பற்ற வைக்காதீர்கள் சார். நான் பேசும்போதே பாதி வாங்கிவிடுவேன். மீதி முதல் நாள் ராத்திரி டிபனுக்கு முன்னால் கைக்கு வந்தாக வேண்டும். முகூர்த்தச் சாப்பாடு முடிந்த பிறகு கேட்டால் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாரைக் காட்டுவார்கள், பெண் வீட்டார் சித்தப்பாவைக் காட்டுவார்கள். சித்தப்பா மண்டபத்திலேயே இருக்க மாட்டார். போன தையில் ஒரு இடத்தில் பாயசம் தண்ணீர் என்று சொல்லி 8,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டார்கள்.

அரசலாறு

அண்ணே, நீங்கள் சொல்வது கல்யாணச் சமையல். இது மாதாமாதம் ஓடும் ஆபீஸ் ஆர்டர். கம்பெனியிடம் அட்வான்ஸ் என்று கேட்டாலே சிரிக்கிறார்கள்.

ஏடிடி45 (திருவாரூர்)

தம்பி, எத்தனை நாள் கடன் விடலாம் என்று கேட்பதை விட, எவ்வளவு பணம் வெளியில் நிற்கலாம் என்று கேளுங்கள். நாள் கணக்கு நம்மை ஏமாற்றும். "45 நாள் கடன்" என்று கேட்டால் ஒன்றரை மாதப் பணம்தான் மாட்டியிருக்கிறது என்று தோன்றும். உங்கள் விஷயத்தில் நடப்பது வேறு.

மே 1 அன்று போட்ட சாப்பாட்டுக்கு ஜூலை 20 வரை பணம் வரவில்லை. அதற்குள் மே மாதம் முழுக்க 25 நாள், ஜூன் 25 நாள், ஜூலையில் ஒரு 17 நாள் போட்டிருப்பீர்கள். மொத்தம் 67 நாள் சாப்பாடு. நாளுக்கு 4,050 ரூபாய் வீதம் 2,71,350. லாபத்தை விடுங்கள். 90 ரூபாய்ச் சாப்பாட்டில் அரிசி, காய், கேஸ், கூலி, வண்டி என்று 68 ரூபாயாவது கையை விட்டுப் போயிருக்கும். அப்படிப் பார்த்தாலும் 2 லட்சத்துக்கு மேல் உங்கள் சொந்தக் காசு அந்த ஆபீசில் உட்கார்ந்திருக்கிறது.

அதை வெளியில் இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கி ஓட்டினால் மாதம் 4,000 வட்டி. மாதம் 1,125 சாப்பாடு போடுகிறீர்கள். ஒரு சாப்பாட்டுக்கு மூன்றரை ரூபாய் வட்டிக்கே போகிறது. 22 ரூபாய் நிற்கிற இடத்தில் மூன்றரை போனால் சின்ன விஷயமா?

இதே ஆபீசுக்கு 1-ம் தேதியும் 16-ம் தேதியும் பில் போட்டு 15 நாளில் பணம் என்று வைத்திருந்தால், எந்த நாளில் பார்த்தாலும் அதிகம் போனால் 25 நாள் சாப்பாட்டுப் பணம்தான் வெளியில் நிற்கும். லட்சத்துச் சொச்சம். அதே விலை, அதே கஸ்டமர்.

இன்னொன்று. நம் ஊரில் கேட்டரிங்காரர்கள் பலரும் கல்யாண அட்வான்ஸைப் போட்டுத்தான் ஆபீஸ் கடனை ஓட்டுகிறோம். வைகாசி, ஆனியில் யாருக்கும் இது தெரியாது, பெட்டியில் காசு புரளும். ஆடியில் அட்வான்ஸ் வராது, மார்கழியில் வராது. கடன் எப்போதும் அதேதான், ஆடியில்தான் வெளியே தெரிகிறது. அதனால் ஆடியில் எவ்வளவு தாங்குமோ அதுதான் உங்கள் கடன் எல்லை. எனக்கு ஒரு ஆபீசுக்கு ஒன்றரை லட்சம். அதைத் தொட்டால் நானே போனை எடுத்துவிடுவேன்.

குடமுருட்டி (பாபநாசம்)

இவ்வளவு யோசிக்கத் தேவையே இல்லை. சிறு தொழிலுக்கான உதயம் பதிவு இருக்கிறதா? இருந்தால் 45 நாளுக்குள் பணம் கொடுத்தே ஆக வேண்டும், மத்திய அரசுச் சட்டம். தாண்டினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. அது மட்டுமில்லை, வருமான வரியிலும் ஒரு விதி வந்திருக்கிறது. நேரத்துக்குப் பணம் கொடுக்காவிட்டால் அந்தச் செலவையே அவர்கள் கணக்கில் கழிக்க முடியாது. வக்கீல் மூலம் ஒரு நோட்டீஸ் விடுங்கள், மறுநாள் பணம் வரும்.

பில்செக்‌ஷன் (தஞ்சாவூர்)

நான் எதிர்ப்பக்கத்து ஆள். ஒரு கம்பெனியில் சப்ளையர் பில் பாஸ் பண்ணும் வேலை. குடமுருட்டி சார் சொன்னதில் பாதி சரி.

எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால்தான் 45 நாள் வரை போகலாம். ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லை என்றால் 15 நாள்தான். அதுவும் பில் தேதியிலிருந்து இல்லை, சாப்பாடு போட்ட நாளிலிருந்து. அரசலாறு சார் வாய்ப்பேச்சில்தான் 45 என்கிறார், ஆக சட்டப்படி அவர் நிலைமை இன்னும் பலமானது.

ஆனால் வருமான வரி மிரட்டல் ஜூலையில் வேலை செய்யாது. மே பில்லை அக்டோபரில் கொடுத்தாலும் அந்த நிதியாண்டுக்குள் கொடுத்துவிட்டால் கம்பெனிக்கு வரியில் நஷ்டம் இல்லை. மார்ச் 31 அன்றும் பாக்கி நின்றால்தான் வலிக்கும். அதனால்தான் பிப்ரவரி, மார்ச்சில் எங்கள் மாதிரி ஆட்கள் சின்ன சப்ளையர்களுக்குப் போன் போட்டு "உதயம் சான்றிதழ் அனுப்புங்கள்" என்று கேட்கிறோம். பில்லிலேயே உதயம் எண்ணை அச்சடித்துவிடுங்கள் சார், அப்போதுதான் எங்கள் சிஸ்டத்தில் நீங்கள் சிறு தொழில் என்று குறிப்பார்கள். பதிவு இல்லை என்றால் இன்றே போடுங்கள், காசு கிடையாது. சாப்பாடு போட்ட பிறகு பதிவு செய்துவிட்டுப் பழைய பாக்கிக்கு அந்தச் சட்டத்தைப் பேசினால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அதைத்தான் பிடிப்பார்.

சரி, நோட்டீசுக்கு முன்னால் மூன்று கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். ஜூன் 5 அன்று பில்லை யார் கையில் கொடுத்தீர்கள்? அது சென்னையில் என்றைக்குப் பதிவானது? பர்ச்சேஸ் ஆர்டர் நம்பர் பில்லில் இருக்கிறதா? என் அனுபவத்தில் பணம் இல்லாமல் நிற்கும் சாப்பாட்டு பில் குறைவு, யார் மேஜையிலோ தூங்கும் பில்தான் அதிகம்.

அரசலாறு

அக்கா, உங்கள் கேள்வியைப் பார்த்துவிட்டு இன்று நேரில் போய் விசாரித்தேன். பில்லைக் கிளையில் அட்மின் தம்பியிடம்தான் கொடுத்தேன். அவர் மற்ற பில்களோடு சேர்த்து கூரியரில் அனுப்பியிருக்கிறார், சென்னையில் பதிவானது ஜூன் 17. நான் ஜூன் 5 என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன், அவர்கள் 17-லிருந்து எண்ணுகிறார்கள்.

அதோடு இன்னொன்று தெரிய வந்தது. மே பில் ஹோல்டில் இருக்கிறதாம். நான் போட்ட கணக்கு 1,125 சாப்பாடு. அவர்கள் வருகைப் பதிவேட்டைப் பார்த்து 1,103 என்கிறார்கள். 22 சாப்பாடு வித்தியாசம். அதற்காக மொத்த பில்லையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், எனக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

காலையில் 45 என்று போன் வரும், 45 கட்டி அனுப்புவோம். மதியம் நான்கு பேர் ஃபீல்டுக்குப் போய்விட்டால் அது மீதிதான், செக்யூரிட்டியும் கூட்டுகிற அம்மாவும் சாப்பிடுவார்கள். அதற்கு நான் என்ன செய்ய?

பில்செக்‌ஷன்

இதேதான் நினைத்தேன். 22 சாப்பாடு என்றால் 1,980 ரூபாய், வரி 99. ஆக 2,079 ரூபாய்த் தகராறுக்கு 1,06,313 நிற்கிறது. எங்கள் சிஸ்டத்தில் பில்லில் ஒரு வரி உதைத்தாலும் முழு பில்லும் நிற்கும், பாதி பாஸ் பண்ண எனக்கு அதிகாரம் இல்லை.

என் யோசனை இது. 2,079-க்கு ஒரு கிரெடிட் நோட் போட்டு, மே பில் நம்பரைக் குறிப்பிட்டு, சென்னை அக்கவுண்ட்ஸ் மெயிலுக்கே நேராக அனுப்புங்கள், கிளைக்கு நகல் போதும். கூடவே ஒரு வரி: "எண்ணிக்கை வித்தியாசம் சரிசெய்யப்பட்டது, ஹோல்டை விடுவிக்கவும்." அவர்கள் பேமென்ட் போடும் தேதி என்ன என்று கேளுங்கள். பல கம்பெனிகளில் மாதத்தில் இரண்டு நாள்தான் பணம் போடுவார்கள். 10-ம் தேதியும் 25-ம் தேதியும் என்றால் 22-க்குள் ஹோல்டு எடுபட வேண்டும், இல்லாவிட்டால் ஆகஸ்ட் 10.

ஏடிடி45

தங்கச்சி சொல்வது பணம் வருகிற வழி, மறுக்கவில்லை. ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. 45 சொன்னது அவர்கள், 45 வாங்கிக்கொண்டது அவர்கள். இந்த மாதம் 22-ஐ விட்டால் அடுத்த மாதம் 40 கேட்பார்கள். விட்டுக்கொடுத்தால் அதே கடிதத்தில் இனி எது கணக்கு என்பதையும் எழுதி வாங்கிக்கொண்டுதான் விட வேண்டும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். கார்பன் வைத்த டூப்ளிகேட் புத்தகம் ஒன்று, ஆபீசுக்கு ஒன்றாக. சாப்பாடு இறக்கும்போது பையன் அதில் எழுதுவான்: தேதி, காலை 10 மணிக்குச் சொன்ன எண்ணிக்கை, இறக்கிய எண்ணிக்கை, திரும்ப வந்த கேரியர் எத்தனை. கீழே கையெழுத்து, பெயர், ஆபீஸ் சீல். வாட்ச்மேன் கையெழுத்தை வாங்க மாட்டேன், ஆறு மாதத்தில் அவர் வேறு இடத்துக்கு மாறிவிடுவார். ரிசப்ஷனில் இருக்கும் பெண், இல்லாவிட்டால் அட்மின். மேல் தாள் அவர்களுக்கு, கார்பன் நகல் நமக்கு. 15 நாளுக்கு ஒருமுறை பில்லோடு நகல்களைப் பின் பண்ணி அனுப்புவேன். சீல் வைத்த சீட்டு இருக்கும்போது வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு யாரும் வர மாட்டார்கள்.

விதி ஒன்றே ஒன்று: காலை 10 மணிக்குச் சொன்ன எண்ணிக்கைக்குப் பணம். அரிசி உலையில் போட்ட பிறகு குறைத்தால் என் நஷ்டம் இல்லை. 10 மணிக்குள் குறைத்துச் சொன்னால் குறைத்துக்கொள்வேன், ஆனால் 40-க்குக் கீழ் போகாது.

வெண்ணாறு (மன்னார்குடி)

நான் வீட்டிலிருந்து ஒரு கிளினிக்குக்கும் ஒரு பள்ளிக்கூடத்துக்கும் டிபன் கொடுக்கிறேன், 30 பேர்தான். எனக்கு ஒரு சந்தேகம். கிளினிக்கில் மாதாமாதம் 1 சதவீதம் குறைத்துக்கொண்டுதான் பணம் போடுகிறார்கள். கேட்டால் "டிடிஎஸ்" என்கிறார்கள். இது நம்மிடம் அடிக்கும் கமிஷன்தானே?

பில்செக்‌ஷன்

இல்லை அக்கா, கமிஷன் இல்லை. உங்கள் பெயரில் அவர்கள் கட்டும் வருமான வரி அது. கேட்டரிங்குக்கு, தனிநபர் என்றால் 1 சதவீதம். ஒரு பில் 30,000 தாண்டினாலோ வருஷத்தில் மொத்தம் ஒரு லட்சம் தாண்டினாலோ பிடிப்பார்கள். பான் கொடுக்கவில்லை என்றால் 20 சதவீதம் பிடித்துவிடுவார்கள், அதைக் கவனியுங்கள். பிடித்த தொகை உங்கள் வருமான வரிக் கணக்கில் தெரிய வேண்டும், ரிட்டர்ன் போட்டால் வரி போக மீதி திரும்ப வரும். தெரியவில்லை என்றால்தான் சண்டை போட வேண்டும்.

அரசலாறு சாருக்கும் இது பொருந்தும். 1,06,313 பில்லுக்கு 1,05,300 வந்தால் முழுப் பணமும் வந்ததாகத்தான் அர்த்தம். ஜிஎஸ்டியைப் பில்லில் தனியாகக் காட்டியிருந்தால் 1,01,250-க்குத்தான் பிடிப்பார்கள். இந்த ஆயிரம் ரூபாயைப் பாக்கி என்று நோட்டில் சுமந்துகொண்டே போய், வருஷக் கடைசியில் "12,000 தர வேண்டும்" என்று வந்து நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

டிகிரிகாபி

அது சரி, ஜிஎஸ்டி மட்டும் காத்திருக்கிறதா? பணம் வராவிட்டாலும் 20-ம் தேதி நாம் கட்டியாக வேண்டும். 5,063 ரூபாய் கையிலிருந்து போகிறது. அதனால்தான் சொல்கிறேன், அட்வான்ஸ்.

ஏடிடி45

இந்த முறை டிகிரிகாபி சொன்னதில் விஷயம் இருக்கிறது. முழு அட்வான்ஸ் தர மாட்டார்கள், ஆனால் புது ஆபீஸ் என்றால் 15 நாள் சாப்பாட்டுக்கு ஈடாக டெபாசிட் கேட்டுப் பார்க்கலாம். எனக்கு இரண்டு இடத்தில் தந்தார்கள், ஒரு இடத்தில் தரவில்லை.

குடமுருட்டி

எல்லாம் சரி. கடைசியில் கொடுக்கவில்லை என்றால்? நிறுத்துவீர்களா மாட்டீர்களா? அதைச் சொல்லுங்கள்.

ஏடிடி45

நிறுத்துவேன். ஆனால் ஒரு நாள் திடீரென்று கேரியர் வராமல் போகக் கூடாது. சாப்பிடுகிற 45 பேர் மேல் நமக்கு என்ன கோபம்? அவர்கள்தான் நாளைக்கு நமக்குக் கல்யாண ஆர்டர் கொடுக்கப் போகிறவர்கள்.

பில் கொடுத்த பத்தாம் நாள் அக்கவுண்ட்ஸுக்கு ஒரு போன், "பில் பதிவாகிவிட்டதா, எண்ணிக்கை சரிதானா" என்று மட்டும். பணம் கேட்கவே மாட்டேன். அந்த ஒரு போனிலேயே உங்கள் 22 சாப்பாட்டு விவகாரம் ஜூன் மாதமே தெரிந்திருக்கும். தவணை நாள் தாண்டிய மறுநாள் மேனேஜருக்கு எழுத்தில் போகும். நான் வாட்ஸ்அப்பில் அனுப்புவது இதுதான்:

"ஐயா, வணக்கம். பில் எண் இன்னது, தொகை இன்னது, நேற்றோடு தவணை முடிந்தது. வருகிற திங்கள் வரை வழக்கம்போல் சாப்பாடு வரும். அதற்குள் பணம் வராவிட்டால் செவ்வாய் முதல், அன்றன்று காலை யுபிஐயில் பணம் போட்ட எண்ணிக்கைக்கு மட்டும் சமைப்போம். பழைய பாக்கி தீர்ந்ததும் மாத பில் மறுபடி தொடரும்."

கவனியுங்கள், சாப்பாடு நிற்கவில்லை, கடன்தான் நிற்கிறது. பெரும்பாலும் திங்கட்கிழமைக்கு முன்னால் பணம் வந்துவிடும். 45 பேரிடம் தினமும் காலையில் 90 ரூபாய் வசூல் பண்ணுவதை எந்த மேனேஜரும் விரும்ப மாட்டார்.

வெண்ணாறு

எனக்கு இது சரிப்படாது அண்ணே. இருப்பதே இரண்டு இடம், ஒன்று கோபித்துக்கொண்டால் பாதி வருமானம் போச்சு. நான் பள்ளிக்கூடத்தில் ஆளுக்கு ஆள் மாத முதல் நாளே வாங்கிக்கொள்கிறேன், நிர்வாகத்திடம் போவதே இல்லை. அதில் கடனே இல்லை, ஆனால் இரண்டு டீச்சர்கள் பாதி மாதத்தில் டிரான்ஸ்ஃபர் ஆனால் திருப்பித் தர வேண்டியிருக்கிறது.

பில்செக்‌ஷன்

அந்த மெசேஜை மேனேஜருக்கு மட்டும் அனுப்பினால் போதாது, ஏடிடி சார். கிளை மேனேஜருக்குப் பணம் போடும் அதிகாரம் இல்லை. அக்கவுண்ட்ஸ் மெயிலுக்கும் போனால்தான் நாங்கள் எங்கள் மேலிடத்தில் காட்டி முன்னால் தள்ள முடியும். "பாக்கி 1,06,313" என்று அவர்கள் பதிலில் ஒரு மெயில் வந்தால் அதைப் பத்திரமாக வையுங்கள். சிறு தொழில் பாக்கிக்கான அரசுத் தளத்தில் புகார் போட்டாலும், கோர்ட்டுக்கே போனாலும் அதுதான் முதல் காகிதம்.

தாமத வட்டியைப் பற்றி: பில்லில் "தாமதமானால் சட்டப்படி வட்டி" என்று அச்சடிக்கலாம். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் கஸ்டமரிடம் வட்டி பில் அனுப்பி வசூலித்தவரை நான் பார்த்ததில்லை. அதை விட, 15 நாளில் கொடுத்தால் தள்ளுபடி என்று சொல்லிப் பார்க்கலாம்.

ஏடிடி45

தள்ளுபடியை மட்டும் ஆரம்பிக்காதீர்கள். 2 சதவீதம் என்று எழுதினால் தள்ளுபடியைப் பிடித்துக்கொண்டு பணத்தையும் 45-ம் நாள்தான் போடுவார்கள். பிறகு அந்த 2,025 ரூபாய்க்கு ஒரு கிரெடிட் நோட், ஒரு ஹோல்டு.

பில்செக்‌ஷன்

அப்படியும் நடக்கும்தான். ஆனால் இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கி ஓட்டுகிறவருக்கு, ஒரு மாதம் முன்னால் வந்தால் 2 சதவீதம் கொடுப்பது கட்டுப்படியாகும். நேரத்துக்கு வந்தால் மட்டும் அடுத்த பில்லில் கழித்தால் உங்கள் பயத்துக்கு இடமில்லை.

ஏடிடி45

எனக்கு ஒப்பவில்லை. விலையில் கை வைத்தால் திரும்ப ஏற்ற முடியாது.

அரசலாறு

எல்லோருக்கும் நன்றி. 21-ம் தேதியே கிரெடிட் நோட் அனுப்பினேன். கூடவே ஏடிடி அண்ணன் சொன்னபடி, ஆகஸ்ட் 1 முதல் காலை 10 மணி எண்ணிக்கைதான் கணக்கு, குறைந்தது 40, மாதம் இரண்டு பில் என்று எழுதிக் கையெழுத்து கேட்டேன். 25-ம் தேதி மே பணம் வந்துவிட்டது, டிடிஎஸ் போக. மளிகைக்கு 60,000 கொடுத்தாயிற்று. உதயம் எண்ணைப் பில் புத்தகத்தில் அச்சடிக்கக் கொடுத்திருக்கிறேன். டூப்ளிகேட் புத்தகம் திங்கள் முதல்.

எண்ணிக்கைக்கும் குறைந்தது 40-க்கும் மேனேஜர் கையெழுத்துப் போட்டுவிட்டார். மாதம் இரண்டு பில்லுக்கு மட்டும் சென்னையில் கேட்க வேண்டும் என்கிறார். "15 நாளில் வேண்டுமானால் 88 ரூபாய்க்குத் தாருங்கள்" என்றும் மெதுவாகச் சொல்கிறார்.

ஏடிடி45

பார்த்தீர்களா, தள்ளுபடிப் பேச்சு அவர்கள் வாயிலிருந்தே வருகிறது. 88 என்று ஒத்துக்கொள்ளாதீர்கள் தம்பி. பொன்னி சிப்பம் என்ன விலை விற்கிறது என்று மேனேஜருக்குச் சொல்லுங்கள்.

பில்செக்‌ஷன்

88 வேண்டாம், அது நிரந்தர விலையாகிவிடும். 90-க்கே பில் போட்டு, 15 நாளுக்குள் வந்த பில்லுக்கு மட்டும் அடுத்ததில் ஒன்றரை ரூபாய் வீதம் கழிப்பேன் என்று சொல்லிப் பாருங்கள். ஜூன் பில் எந்த நிலையில் இருக்கிறது? அதிலும் எண்ணிக்கை பார்த்துவிட்டார்களா?

அரசலாறு

ஜூனில் 9 சாப்பாடு வித்தியாசமாம் அக்கா. ஹோல்டு போடுவதற்கு முன்னால் நானே போன் போட்டதால் தெரிந்தது. இன்று சாயங்காலம் அட்மின் தம்பியோடு உட்கார்ந்து நாள் வாரியாகப் பார்க்கப் போகிறேன். 88 விஷயத்துக்குப் பதில் சொல்லத் திங்கள் வரை டைம் கேட்டிருக்கிறேன்.